தூக்குவாளிக்குள் மின்புலம் ஏன் இல்லை?

இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றைத் தெர்மாகோல் கட்டியின் மேல் வைத்து அதற்கு மின்னூட்டம் ஏற்றுகிறோம். பட்டாணி அளவுத் தெர்மாகோல் உருண்டையை அலுமினியத் தாளால் சுற்றி, மெல்லிய தங்கூசியில் தொங்கவிட்டு, வாளியின் வெளிச்சுவரில் தொடவைக்கிறோம். தொட்டதும் உருண்டை துள்ளி விலகும்; விலகியபடியே நிற்கும். அடுத்து உருண்டையை விரலால் தொட்டு வெறுமையாக்கி, வாளிக்குள் இறக்கி அடித்தட்டைத் தொடவைக்கிறோம். எதுவும் நடப்பதில்லை. உட்சுவரில் உரசினாலும் அசையாமல் நேராகத் தொங்குகிறது. வெளியே ஆயிரக்கணக்கான வோல்ட்டில் நிற்கும் அதே பாத்திரம், உள்ளே செத்த பாம்பு போலக் கிடக்கிறது.

பாடப்புத்தகம் இதை ஒரே வரியில் முடித்துவிடும்: உள்ளீடற்ற கடத்தியின் உள்ளே மின்புலம் சுழி. ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், ‘எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாகத் தள்ளுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது’ என்பது. கோளத்தின் மையப்புள்ளிக்கு இந்தப் பதில் சரி. ஆனால் மையத்தை விட்டு விலகி, ஒரு சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிக்கு? அங்கே பக்கத்துச் சுவர்தானே வலுவாகத் தள்ள வேண்டும்? அதுவும் தூக்குவாளி கோளமே இல்லை. உருளை உடம்பு, தட்டையான அடி, விளிம்பில் வளையம், பக்கத்தில் கைப்பிடிக் காது. இத்தனை கோணலான உருவத்தில் எல்லாம் ‘சமமாக’ எப்படி அடிபடும்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் தலைப்பு முழுவதும் மனப்பாடமாகத்தான் மிஞ்சும்.

உலோகத்தின் உள்ளிருந்து தொடங்குவோம்

வாளியின் குழியைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அதன் தகட்டை மட்டும் பார்ப்போம். வாளியின் எடை 300 கிராம் என்று வைத்தால், அதில் ஏறக்குறைய 3×10²⁴ அணுக்கள் இருக்கின்றன. உலோகம் என்பதால் ஒவ்வோர் அணுவும் தன் எலக்ட்ரான்களில் சிலவற்றைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் தகடு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மின்புலம் என்பது, ஓரிடத்தில் ஒரு மின்னூட்டத்தை வைத்தால் அதன் மேல் விழும் தள்ளல். தகட்டுக்குள் எங்காவது துளி மின்புலம் இருந்தாலும் அங்கிருக்கும் எலக்ட்ரான் தள்ளப்படும், தள்ளப்பட்டால் ஓடும். ஓடிய எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சேர, விட்டுவந்த பக்கம் நேர்மின்னூட்டம் வெளிப்படும். இந்த இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் புதிய புலம், முதலில் தள்ளிய புலத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். தள்ளல் தீரும்வரை ஓட்டமும் தீராது. தகட்டுக்குள் எங்கும் புலம் சுழியான பிறகுதான் எலக்ட்ரான்கள் அமைதியாகும். வாளி போன்ற பாத்திரத்தில் இது ஒரு நானோ நொடி அளவிலேயே முடிந்துவிடும்.

கண்மாய்த் தண்ணீர் இப்படித்தான் நடந்துகொள்கிறது. மட்டத்தில் துளி சரிவு இருந்தாலும் தண்ணீர் நகரும். நகர்ந்து அந்தச் சரிவைத் தானே தீர்க்கும். நின்ற கண்மாயில் மட்டம் சமமாக இருப்பதைக் கண்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சமமாக இல்லாத மட்டும் அது நிற்கவே நிற்காது என்பதுதான் காரணம். தகட்டுக்குள் புலம் சுழி என்பதும் அதே வகை உண்மை. சமச்சீரால் கிடைத்த தற்செயல் என்று அதை நினைக்க வேண்டாம். எலக்ட்ரான்கள் ஓடி ஓடிச் சம்பாதித்த நிலை அது. ஆகவே கோளமா, தூக்குவாளியா, நசுங்கிய டின்னா என்பது இங்கே கேள்வியே இல்லை.

ஒரு நிபந்தனையை மட்டும் மறக்கக்கூடாது: மின்னூட்டங்கள் ஓய்ந்து நிற்க வேண்டும். பேட்டரி மாட்டி மின்னோட்டம் ஓடும் கம்பிக்குள் மின்புலம் உண்டு. மதகு திறந்து தண்ணீர் ஓடும் வாய்க்காலில் சரிவு இருப்பது போல. ‘கடத்திக்குள் புலம் சுழி’ என்று மட்டும் எழுதிவிட்டு, அடுத்த பாடத்தில் ஓம் விதிக்கு வரும்போது குழம்பும் மாணவர்கள் பலர். ‘ஓய்வு நிலையில்’ என்ற சொல்லை விட்டதுதான் அந்தக் குழப்பத்தின் வேர்.

கூடுதல் மின்னூட்டம் எங்கே போகிறது?

வாளிக்கு நாம் கொடுத்தது 50 நானோகூலூம் நேர்மின்னூட்டம் என்று கொள்வோம். கேட்க அற்பமான அளவு. எண்ணிப் பார்த்தால், வாளியிலிருந்து 3×10¹¹ எலக்ட்ரான்கள் வெளியேறியிருக்கின்றன. அதாவது பத்து லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் குறைந்திருக்கிறது. மிச்சமிருக்கும் எலக்ட்ரான் படைக்கு இது பொருட்டே இல்லை. அதனால்தான் எந்தப் பக்கம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அதனால் தடையில்லாமல் நகர்த்திவைக்க முடிகிறது.

இந்த 50 நானோகூலூம் தகட்டின் சதைக்குள் எங்கும் தங்க முடியாது. ஓரிடத்தில் கட்டியாகத் தங்கினால் அதைச் சுற்றி நாலாபக்கமும் புலம் கிளம்பும்; தகட்டுக்குள் புலம் இருக்கக்கூடாது என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே அது மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். ஆனால் வாளிக்கு மேற்பரப்பு இரண்டு: வெளிப்புறம் ஒன்று, குழியைப் பார்த்த உட்புறம் ஒன்று. உட்புறத்திலும் கொஞ்சம் போய் உட்காரக்கூடாதா?

இங்கே ஒரு சின்னத் தந்திரம் உதவும். குழியே இல்லாத, முழுக்க எஃகு அடைத்த ஒரு கட்டியை, வாளியின் அதே வெளி உருவத்தில், மூடியோடு சேர்த்து மனதில் செய்துகொள்ளுங்கள். அதற்கு மின்னூட்டம் ஏற்றுகிறோம். உள்ளே எங்கும் புலம் சுழி. மின்னூட்டம் அத்தனையும் வெளிப்பரப்பில். நடுவில் இருக்கும் எஃகில் கூடுதல் மின்னூட்டம் இல்லை, புலமும் இல்லை. இப்போது நுங்கை நோண்டி எடுப்பது போல அந்த நடு எஃகை மட்டும் நோண்டி எடுத்துவிடுவோம். நாம் எடுத்தது மின்னூட்டம் இல்லாத பொருள். அது யாரையும் தள்ளவும் இல்லை, யாரும் அதைத் தள்ளவும் இல்லை. அதை எடுத்ததால் வெளிப்பரப்பில் இருக்கும் மின்னூட்டங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, நோண்டிய குழியிலும் புலம் முன்பு போலவே சுழி.

உருவம் என்னவென்று இந்த வாதம் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். குழி வட்டமாக இருக்கலாம், கோணலாக இருக்கலாம், மையத்தை விட்டு ஒதுங்கியும் இருக்கலாம்.

கூர்மையான வாசகருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். உட்சுவரில் ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின்னூட்டமும், எதிர்ப்பக்கம் அதே அளவு எதிர்மின்னூட்டமும் இருந்து, மொத்தம் சுழியாகி, குழிக்குள் மட்டும் புலம் இருந்தால் என்ன? அப்படி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நேர்ப்பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் குழியின் குறுக்கே புலம் ஓடும். ஒரு சிறு நேர்மின்னூட்டத்தை அந்தப் புலத்தின் வழியே குறுக்கே விட்டால் புலம் அதைத் தள்ளி வேலை செய்யும். எதிர்ச்சுவரை அடைந்ததும் அதைத் தகட்டின் சதைக்குள் நுழைத்துச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவருவோம். தகட்டுக்குள் புலம் இல்லை. திரும்பி வரச் செலவே இல்லை. ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் ஆற்றல் சும்மா கிடைத்துவிட்டது. ஆயிரம் சுற்று சுற்றினால் ஆயிரம் மடங்கு. ஓய்வில் நிற்கும் மின்னூட்டங்கள் இப்படி வற்றாத ஊற்றாக ஆற்றல் தருவதில்லை. ஆகவே அந்த நேர்-எதிர்ச் சோடி அங்கே நிலைக்க முடியாது; தகடு வழியாகவே ஒன்றையொன்று தேடிப்போய் அழிந்துவிடும்.

சுவருக்குப் பக்கத்தில் நிற்கும் புள்ளி

வாதம் முடிந்துவிட்டது. ஆனாலும் ‘பக்கத்துச் சுவர் வலுவாகத் தள்ளாதா’ என்ற முதல் கேள்விக்கு எண்ணில் பதில் பார்த்தால்தான் மனம் ஒப்பும். கணக்கு எளிதாக இருக்க, வாளிக்குப் பதில் 9 சென்டிமீட்டர் ஆரமுள்ள வெற்றுக் கோளத்தை எடுப்போம். கோளத்தில் மின்னூட்டம் எங்கும் ஒரே அடர்த்தியில் பரவியிருக்கும்.

உள்ளே ஒரு புள்ளி: பக்கத்துச் சுவர் 3 சென்டிமீட்டரில், எதிர்ச்சுவர் 15 சென்டிமீட்டரில். அந்தப் புள்ளியை இடுப்பாக வைத்து ஓர் உடுக்கை வரையுங்கள். ஒரு கூம்பு பக்கத்துச் சுவரையும், மறு கூம்பு எதிர்ச்சுவரையும் தொடட்டும். இரண்டும் ஒரே கோணத்தில் விரிவதால், எதிர்ச்சுவரில் விழும் வட்டம் 5 மடங்கு அகலமாக இருக்கும். பரப்பு 25 மடங்கு. அதிலிருக்கும் மின்னூட்டமும் 25 மடங்கு. ஆனால் தூரம் 5 மடங்கு என்பதால் ஒவ்வொரு துளி மின்னூட்டத்தின் தள்ளலும் 25-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 25 மடங்கு அதிகம், 25 மடங்கு பலவீனம். கழித்தால் மிச்சம் சுழி. உடுக்கையை எந்தத் திசையில் சாய்த்தாலும், கோளத்தில் இரு முனையும் சுவரை ஒரே சாய்வில் வெட்டுவதால், கணக்கு மாறாது. பக்கத்துச் சுவர் வலுவாகத்தான் தள்ளுகிறது, சந்தேகமில்லை. எதிரே கூட்டம் அதிகம், அவ்வளவுதான்.

விசை தூரத்தின் வர்க்கத்துக்குப் பதிலாக முப்படியில் குறைந்திருந்தால்? எதிர்ச்சுவரின் தள்ளல் 125-இல் ஒரு பங்காகிவிடும். பக்கத்துச் சுவர் 5 மடங்கு வென்றிருக்கும். அப்படியானால் வாளிக்குள் நம் உருண்டை சும்மா தொங்காது. இதையே திருப்பிப் போட்டால், உள்ளே ஒன்றும் இல்லை என்ற சோதனைதான் வர்க்க விதிக்கு மிகக் கறாரான சான்று. வெள்ளிக் குவளைக்குள் தக்கை உருண்டையை இறக்கி, அது சுவரால் ஈர்க்கப்படவில்லை என்று 1755-இல் எழுதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். காரணம் தெரியவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார். 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதிலிருந்து வர்க்க விதியை ஊகித்தார். 1936-இல் பிளிம்டனும் லாட்டனும் இரண்டு கோளங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் செய்த சோதனையில், அந்த ‘2’ என்ற அடுக்கில் பிழை இருந்தால் அது நூறு கோடியில் இரண்டு பங்குக்கு மேல் இராது என்று தெரிந்தது.

புலம் சுழி, மின்னழுத்தம் சுழியல்ல

தேர்வில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது. அதே கோளத்தில் 50 நானோகூலூம் இருக்கட்டும். மின்னழுத்தம் V = kQ/r. k = 9×10⁹ என்று போட்டால் V = 450 / 0.09, அதாவது 5,000 வோல்ட். பரப்புக்கு வெளியே ஒட்டினாற்போல் இருக்கும் புலம் E = kQ/r²; மீட்டருக்கு ஏறக்குறைய 56,000 வோல்ட். காற்று தாங்காமல் பொறி தட்டுவது மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டில் என்பதால் இதில் பயமில்லை.

உள்ளே? புலம் சுழி. மின்னழுத்தமோ மையம் உட்பட எல்லா இடத்திலும் அதே 5,000 வோல்ட். கண்மாய்க்குத் திரும்பினால் விளங்கும்: மின்னழுத்தம் தண்ணீரின் உயரம், மின்புலம் அதன் சரிவு. நிறைந்த கண்மாயில் தண்ணீர் கரை மட்டத்துக்கு நிற்கலாம், சரிவு மட்டும் இருக்காது. 5,000 வோல்ட்டில் இருக்கும் கோளத்துக்குள் ஓர் எறும்பு ஊர்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் தலைக்கும் காலுக்கும் இடையே ஒரு வோல்ட்டும் வித்தியாசமில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. இதுவரை சொன்னது குழி காலியாக இருக்கும்போது. தங்கூசியில் தொங்கும் மின்னூட்டம் பெற்ற உருண்டையைச் சுவரில் படாமல் குழிக்குள் பிடித்தால், அங்கே அந்த உருண்டையின் புலம் இருக்கத்தான் செய்யும். உட்சுவரிலும் அதற்கு எதிரான மின்னூட்டம் வந்து ஒட்டும். உருண்டை சுவரைத் தொட்ட நொடியில் இரண்டும் அழிந்து, உருண்டையின் மின்னூட்டம் மொத்தமும் வெளிப்புறத்துக்குப் போய்ச் சேரும். வெளிச்சுவரைத் தொட்டால் பங்குதான் கிடைக்கும்; உட்சுவரைத் தொட்டால் முழுவதும் பறிபோகும்.

இராமநாதபுரம் கடற்கரையில் செய்துபார்க்க

சோதனை எளிது, எதிரி காற்று. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை எந்தக் கடலோரப் பள்ளியிலும் காலை நேரத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசியும். உப்புச் சட்டி மழைக்காலத்தில் நசநசப்பதை வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்பு எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். அது ஈரமானதும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்கூட மெல்லிய கடத்தி ஆகிவிடும்.

அதன் விளைவைக் கணக்கில் பார்க்கலாம். 9 சென்டிமீட்டர் கோளத்தின் மின்தேக்குத்திறன் 10 பிக்கோஃபாரட்; நம் வாளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மின்னூட்டம் அரை நிமிடமாவது தங்க வேண்டுமென்றால், அடியில் வைத்த தாங்கியின் மின்தடை 3×10¹² ஓம் இருக்க வேண்டும். உப்பு ஈரம் படிந்த கண்ணாடித் தம்ளரின் தடை 10⁹ ஓமுக்கு இறங்கினால், நூறில் ஒரு நொடியில் வாளி காலியாகிவிடும். அப்போது உள்ளேயும் உருண்டை அசையாது, வெளியேயும் அசையாது. ‘உள்ளே சுழி’ என்று எழுதிக்கொண்டு போவது பெரிய தவறு. ஆகவே முதல் விதி: உள்ளே சோதிக்கும் முன்னும் பின்னும் வெளியே சோதியுங்கள். இரண்டு முறையும் வெளியே உருண்டை துள்ளினால்தான் உள்ளே கிடைத்த சுழிக்கு மதிப்பு.

தாங்கிக்குப் புதிய தெர்மாகோல் கட்டி போதும். மீன் பெட்டியிலிருந்து உடைத்தது ஆகாது, அதில் உப்பு ஊறியிருக்கும். தங்கூசியும் அப்படியே. கடலுக்குப் போய்வந்த வலையிலிருந்து அறுத்தால் மின்னூட்டம் நூல்வழியே கையில் இறங்கிவிடும். கடையில் வாங்கிய மெல்லிய இழையில் ஒரு அடி வெட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, வெந்நீரில் நனைத்து இழுத்துப்பிடித்தால் சுருள் நீங்கி நேராகத் தொங்கும். வாளி, தெர்மாகோல், நூல், தேய்க்கும் துணி எல்லாவற்றையும் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காட்டுங்கள். இல்லையேல் அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பல்பில் படாமல் வைத்து, கால் மணி நேரம் உலர்த்துங்கள். தெர்மாகோல் அதிகச் சூட்டில் சுருங்கிவிடும். சன்னலை மூடுங்கள். மின்விசிறி உருண்டையை ஆட்டும், அதையும் நிறுத்துங்கள்.

மின்னூட்டம் ஏற்ற, ஒரு அடி நீள வயரிங் பிவிசி பைப்பைக் கம்பளித் துணியால் வேகமாகத் தேய்க்கவும். தலைமுடியிலும் தேய்க்கலாம், எண்ணெய் வைத்த தலை வேலைக்கு ஆகாது. தேய்த்த பைப் எதிர்மின்னூட்டம் பெறும். அதை வாளியின் பக்கவாட்டில் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தொடாமல், மறுகை விரலால் வாளியின் எதிர்ப்பக்கத்தை ஒரு நொடி தொடுங்கள். வாளியின் எலக்ட்ரான்கள் பைப்புக்குப் பயந்து விரல்வழியே உடம்புக்கு ஓடும். முதலில் விரலை எடுங்கள், பிறகு பைப்பை விலக்குங்கள். இந்த வரிசை மாறினால், ஓடிய எலக்ட்ரான்கள் விரல்வழியே திரும்பிவந்துவிடும். வாளி வெறுமையாகவே இருக்கும். சோதனை ‘வரவில்லை’ என்று கைவிடப்படுவதற்கு ஈரத்துக்கு அடுத்த காரணம் இதுதான். கைப்பிடிக் கம்பியை மடக்கிச் சாய்த்துவிடுங்கள். பழக்கத்தில் அதைப் பிடித்துத் தூக்கினால் அத்தோடு முடிந்தது. 5,000 வோல்ட் என்று பயப்பட வேண்டாம். சேமிப்பில் இருக்கும் ஆற்றல் எட்டில் ஒரு மில்லிஜூல்தான். வீட்டு மின்சாரத்தை மட்டும் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

இனி உருண்டை. வெளிச்சுவரைத் தொட்டால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டராவது விலகி நிற்க வேண்டும். உள்ளே அடித்தட்டைத் தொட்டு, விளிம்பில் படாமல் வெளியே எடுத்து, மறுபடி வெளிச்சுவருக்கு அருகே கொண்டுவாருங்கள். முதலில் சற்று ஈர்க்கப்பட்டு ஒட்டி, அதன் பிறகே துள்ளும். அந்த முதல் ஈர்ப்புதான் அது உள்ளிருந்து வெறுங்கையோடு வந்ததற்குச் சாட்சி. மின்னூட்டத்தோடு வந்திருந்தால் தொடும் முன்பே விலகியிருக்கும். விளிம்பில் மட்டும் படவிடாதீர்கள். விளிம்பு வெளிப்பரப்பின் பகுதி, அதுவும் கூரான பகுதி. அங்கே மின்னூட்டம் மற்ற இடங்களைவிட நெருக்கமாகக் குவிந்திருக்கும்.

வாளியின் வாய் திறந்திருக்கிறதே, அதன் வழியே புலம் நுழையாதா? நுழையும், ஆனால் தூரம் போகாது. உருளைக் குழாய்க்குள் புலம் ஆழத்தோடு மிக வேகமாகத் தேய்கிறது. நம் வாளியின் வாய் 12 சென்டிமீட்டர் அகலம், ஆழம் 18 என்று வைப்போம். வாயிலிருந்து 6 சென்டிமீட்டர் இறங்கினால் வாயருகே இருந்ததில் ஏறக்குறைய 11-இல் ஒரு பங்கு. 12 சென்டிமீட்டர் இறங்கினால் 120-இல் ஒரு பங்கு. அதனால்தான் அடித்தட்டில் சோதிக்கச் சொல்வது. அகலமான பேசினில் செய்தால் எங்கும் சுழி கிடைக்காது. ஆழம் வாயகலத்துக்குக் குறையாத பாத்திரம் வேண்டும்.

செல்போனை டப்பாவில் போட்டு மூடி, ‘சிக்னல் போகவில்லை பார்’ என்று காட்டுவதும் உண்டு. அது இந்தப் பாடத்துக்குச் சரியான சோதனை இல்லை. செல்போன் அலை ஒரு நொடிக்குப் பல கோடி முறை திசைமாறும் புலம். மூடியின் நீளமான மெல்லிய இடுக்குகூட அதற்கு வாசல். போன் அடித்தால் கோட்பாடு பொய்யும் ஆகாது, அடிக்காவிட்டால் மெய்யும் ஆகாது.

கடைசியாக, கடத்தி அல்லாத பாத்திரம். சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக் வாளிக்குள் மின்னூட்டம் பெற்ற உருண்டையைத் தொங்கவிட்டு, வெளியே தேய்த்த பைப்பைக் கொண்டுவந்தால் உருண்டை நகரும். பிளாஸ்டிக்கில் எலக்ட்ரான்கள் ஓடிப்போய் இடம்மாறி அமர முடியாது. புலத்தை அழிக்க அங்கே ஆளில்லை. ஆனால் பல மாதம் கரையோர முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை ஈரமான காலையில் எடுத்து இதையே செய்தால், பைப்பை எவ்வளவு ஆட்டினாலும் உள்ளே உருண்டை அசையாமல் போகக்கூடும். பிளாஸ்டிக்கும் காக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காப்பது அதன் மேல் படிந்த உப்பு ஈரம். அதன் தடை உலோகத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம் என்றாலும், மின்னூட்டங்கள் இடம்மாற ஒரு நொடிக்குள்ளான அவகாசம் அதற்குப் போதும். அதே வாளியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி செய்துபாருங்கள். பைப் வரும் பக்கம் பார்த்து உருண்டை அசையும்.